கட்டிப்போட்ட ஜல்லி: ஜியோசெல் எதை மாற்றும், எதை மாற்றாது

"நல்ல ஜல்லிதான் போட்டோம், ரோலரும் வேண்டிய அளவு ஓட்டினோம், இருந்தும் தளம் அமுங்குகிறதே." களிமண் மேல் சாலை போடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ஜல்லியின் விறைப்பு ஜல்லிக்குள் மட்டும் இல்லை, அது கீழே இருக்கும் மண்ணையும் பொறுத்தது என்பதை மறந்துவிடுகிறோம். சக்கரம் ஏறும்போது இளகிய மண் பக்கவாட்டில் ஒதுங்கும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அடிவரிசைக் கற்களும் கூடவே விலகும். இழுவையைத் தாங்கும் பசை எதுவும் கற்களுக்கிடையே கிடையாது.

வடிவமைப்பில் பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரமே இதைச் சொல்லிவிடுகிறது:

E₂ = 0.2 × h^0.45 × E₃

E₂ ஜல்லி அடுக்கின் விறைப்பு. h அந்த அடுக்கின் தடிமன், மில்லிமீட்டரில். E₃ கீழ்மண்ணின் விறைப்பு. மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் சி.பி.ஆர். அளவு 2 சதவீதம் உள்ள களிமண்ணுக்கு E₃ சுமார் 20 மெகாபாஸ்கல் என்று எடுப்பது வழக்கம். அதன்மேல் 200 மி.மீ. ஜல்லி போட்டால் கிடைப்பது ஏறக்குறைய 43 மெகாபாஸ்கல்தான். அதே ஜல்லி உறுதியான தரைமேல் இருந்தால் இதைப்போலப் பல மடங்கு காட்டும்.

ஜியோசெல் கைவைப்பது இந்த இடத்தில்தான். பிளாஸ்டிக் பட்டைகளைக் குறித்த இடைவெளியில் ஒட்டி, விரித்தால் தேன்கூடு மாதிரி ஆகும் விரிப்பு அது. எடை ஏறும்போது அறைக்குள் இருக்கும் ஜல்லி பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். சுவர் இழுபட்டு அதைத் திருப்பி அழுத்தும். பீப்பாயின் இரும்பு வளையம் பலகைகளை விலகவிடாமல் பிடிப்பது போலத்தான். பக்கத்து அறைகளும் நிரம்பியிருப்பதால் அவையும் முட்டுக் கொடுக்கும்.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறையின் அகலம் D 25 செ.மீ., சுவரின் இழுவிசை T மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். தனி அறையாகப் பார்த்தால் ஜல்லிக்குக் கிடைக்கும் கூடுதல் பக்க அழுத்தம் 2T/D, அதாவது 16 கிலோபாஸ்கல். ஏற்கெனவே 10 இருந்தால் இப்போது 26. ஜல்லியின் விறைப்பு ஏறக்குறைய பக்க அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். ஆகவே சுமார் 1.6 மடங்கு. சுவரின் உராய்வும் விரிப்பு முழுதும் ஒரே தட்டாக வளைந்து எடையைப் பரப்புவதும் இதற்கு மேல் சேரும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: சுவர் இழுபட்டால்தான் இதெல்லாம் நடக்கும். அறைக்குள் ஜல்லி தளர்வாகக் கிடந்தால் முதலில் அந்தத் தளர்வு அடங்க வேண்டும், அதுவரை சுவர் சும்மாதான் நிற்கும். நான் பார்த்த ஒரு வேலையில் நடந்தது இதுதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டை ஜியோசெல் இல்லாமல் விட்டு, இரண்டிலும் 300 மி.மீ. தட்டு வைத்துச் சுமைச் சோதனை செய்தோம். ஒரே அழுத்தத்துக்கு ஜியோசெல் இல்லாத துண்டில் 3.1 மி.மீ. இறக்கம், ஜியோசெல் போட்ட இடத்தில் 2.8. இதற்கா இத்தனை செலவு என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

தோண்டினோம். பட்டைகளின் மேல்விளிம்பு மடிந்து கிடந்தது. மேலே மூடியிருந்த ஜல்லி இரண்டு விரல்கடைகூட இல்லை, ரோலர் நேராகச் சுவர்மேலேயே ஓடியிருக்கிறது. சுவர் எடையை வாங்கிக்கொண்டதால் உள்ளே இருந்த ஜல்லி கெட்டிப்படவே இல்லை, கையாலேயே அள்ள முடிந்தது. அறைகளும் முழுதாக விரியாமல் ஒரு பக்கம் நீண்டு ஒடுங்கியிருந்தன. விரித்ததும் முனைகளில் முளையடித்துப் பிடிக்காததால் ஜல்லி கொட்டும்போது சுருங்கிவிட்டது.

மறுபடி செய்தபோது மாற்றியவை பெரிய வித்தையில்லை. கீழே ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தோம், களிமண் மேலேறி ஜல்லியோடு கலக்காமல் இருக்க. முளையடித்து முழு அகலத்துக்கு இழுத்தோம். நிரப்பிய பகுதியின் மேலிருந்தே ஜல்லியை முன்னால் தள்ளிக்கொண்டு போனோம், வெறும் அறைமேல் எந்த வண்டியையும் விடவில்லை. ரோலர் ஓட்டி முடிந்த பிறகும் சுவருக்கு மேல் 50 மி.மீ. இருக்கும்படி கூடுதலாகக் கொட்டினோம். அப்புறம் வைத்த தட்டு 2 மி.மீ.க்கும் குறைவாகவே இறங்கியது. உள்ளே போடுவது நீர் வடியும் ஜல்லியாகவோ மணலாகவோ இருக்க வேண்டும். தோண்டிய களிமண்ணையே திரும்ப நிரப்பினால் நனைந்ததும் அறைக்குள்ளேயே குழைந்துவிடும், உராய்வு போய்விடும்.

கரை போடுகிறவர்களுக்கு ஒன்று. பல மீட்டர் ஆழத்துக்குச் சேறுபோன்ற களி இருந்தால், ஜியோசெல் மெத்தை கரையின் எடையைப் பரப்பும், ஓரம் பிதுங்கிச் சரியாமல் காக்கும், இறக்கத்தைச் சமமாக்கும். ஆனால் அகலமான கரையின் எடை ஆழத்துக்கு அப்படியே போகும். அந்தக் களியிலிருந்து தண்ணீர் மெல்ல வெளியேறி வருடக்கணக்கில் நடக்கும் இறக்கம் நடந்தே தீரும். அதற்குச் செங்குத்து வடிகால் போட்டு, முன்கூட்டியே எடை ஏற்றி, காத்திருக்கத்தான் வேண்டும்.