ஒரே பன்னிரண்டு கரண்டி சீனி: ஒருவருக்கு மூன்று தாக்குதல், மற்றவருக்கு ஒன்பது

கல்முனை பசாரில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கடைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று துணிக்கடை, மற்றது தையல் கடை. இரண்டிலும் இருப்பவர்கள் நாளுக்குப் பன்னிரண்டு தேக்கரண்டி சீனி எடுக்கிறார்கள். மட்டமாக அள்ளினால் ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம், ஆக மொத்தம் 48 கிராம். துணிக்கடைக்காரர் மூன்று நேரச் சாப்பாட்டோடும் ஒவ்வொரு கோப்பை தேத்தண்ணி குடிப்பார், கோப்பைக்கு நாலு கரண்டி. நல்ல இனிப்புக்காரர். தையல்காரர் கோப்பைக்கு ஒன்றரைக் கரண்டிதான் போடுவார், ஆனால் நாளுக்கு எட்டுக் கோப்பை. அவரிடம் கேட்டால், "நான் சீனி குறைச்சுத்தான் போடுறன்" என்பார். அது உண்மை. இருந்தும் முதலில் சூத்தை விழப்போவது அவருடைய பல்லில்தான்.

காரணத்தைப் பார்க்கப் பல்லின் மேலிருக்கும் படலத்துக்குப் போக வேண்டும். காலையில் பல் துலக்கிச் சில மணி நேரத்தில், ஈறு ஓரத்திலும் இரண்டு பல் தொடும் இடுக்கிலும் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, மாவு போல ஒன்று வரும். அது உணவுத் துணுக்கு அல்ல. பெரும்பாலும் பற்றீரியாவும் அவை ஒட்டிக்கொள்ளச் சுரக்கும் பசையும்தான். சீனி அந்தப் படலத்துக்குள் ஊறியதும் பற்றீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து லக்டிக் அமிலம் வெளியிடுகின்றன. அமெரிக்கரான ரொபர்ட் ஸ்டீபன் 1940களில் பல் படலத்திலேயே மின்வாயை வைத்து இதை அளந்தார். அமிலத்தை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறைய அமிலம் கூடுதல். குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களுக்குள் படலத்தின் பி.எச். மளமளவென்று 5-க்குப் பக்கத்தில் இறங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடித்தது. இறக்கம் செங்குத்து, ஏற்றம் மெதுவானது. அந்த வரைகோட்டைப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் ஸ்டீபன் வளைகோடு என்றே படிக்கிறார்கள்.

அந்த வளைகோட்டில் கவனிக்க வேண்டிய கோடு 5.5. பல்லின் வெளிப்பூச்சான எனாமல், கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த ஒரு படிகம். பி.எச். ஏறத்தாழ 5.5-க்கு மேலே இருக்கும்வரை எச்சிலில் கரைந்திருக்கும் கல்சியமும் பொசுபேற்றும் படிகத்தைக் காக்கப் போதும். அதற்குக் கீழே போனால் படிகம் கரையத் தொடங்கும். திரும்ப மேலே வந்தால் கரைந்ததில் ஒரு பகுதி மறுபடி படியும். நாள் முழுக்க இந்தக் கரைதலும் படிதலும் மாறி மாறி நடக்கின்றன. சூத்தை விழுவதும் விழாததும் எந்தப் பக்கத்துக்கு அதிக நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

நாலு கரண்டிச் சீனி ஒன்றரைக் கரண்டியைவிட அதிக அமிலம் தராதா என்று கேட்கலாம். கொஞ்சம் தரும், ஆனால் விகிதப்படி அல்ல. 150 மில்லிலீற்றர் கோப்பையில் ஒன்றரைக் கரண்டி போட்டால் நூற்றுக்கு 4 பங்கு கரைசல், நாலு கரண்டி போட்டால் 10 பங்குக்கு மேல். விழுங்கிய பிறகு வாயில் மிஞ்சுவது ஒரு மில்லிலீற்றருக்கும் குறைவான திரவம். அது பல்லின் மேல் மெல்லிய ஏடாகப் பரவி நிற்கும். மிச்சச் சீனியெல்லாம் வயிற்றுக்குப் போய்விடும். அது இடுப்புச் சுற்றளவுக்கும் சலரோகத்துக்கும் கணக்கு, பல்லுக்கு அல்ல. படலத்தில் இருக்கும் பற்றீரியாவின் எடையோ மிகச் சொற்பம். 4 பங்குக் கரைசலே அவற்றுக்குத் திகட்டத் திகட்டத் தீனி. அதற்கு மேல் கூட்டினால் பி.எச். அவ்வளவாகக் கீழே போகாது. வாயில் சீனி கொஞ்ச நேரம் கூடத் தங்கும், அவ்வளவுதான்.

இப்போது இருவருடைய நாளையும் மணிக்கூட்டோடு வைத்துப் பார்ப்போம். பி.எச். இப்படி இறங்கி ஏறும் ஒரு தாக்குதலுக்கு 5.5-க்குக் கீழே 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் இது மாறும். கணக்குக்கு இது போதும். துணிக்கடைக்காரருக்கு மூன்று சாப்பாடு, மூன்று இறக்கம். சோற்றிலும் பாணிலும் உள்ள மாச்சத்து வாயில் சீனியாக உடைந்து கொஞ்சம் அமிலம் தருவதால் அந்த இறக்கம் எப்படியும் வரும். தேத்தண்ணிச் சீனி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மொத்தம் 2 மணி நேரம்.

தையல்காரர் காலைச் சாப்பாட்டோடு 7.30-க்கு ஒன்று குடிப்பார். பிறகு 9, 10.30, 12 மணிக்கு ஒவ்வொன்று. 1.30-க்குச் சோறு, தேத்தண்ணி இல்லை. பின் 3, 4.30, 6 மணிக்கு. கடைசியாக 8.30-க்கு இரவுச் சாப்பாட்டோடு. எட்டுக் கோப்பையும் மதியச் சோறும் சேர்ந்து ஒன்பது இறக்கம், 6 மணி நேரம். அதுவும் கோப்பையை ஒரே மூச்சில் குடித்தால்தான். மெசினுக்குப் பக்கத்தில் வைத்து அரை மணி நேரமாக உறிஞ்சினால், மீட்சி தொடங்குவது முதல் மடக்கிலிருந்து அல்ல, கடைசி மடக்கிலிருந்து. 40 நிமிடம் 70 ஆகிவிடும். ஒன்றரை மணி இடைவெளியில் பல்லுக்கு மிஞ்சுவது 20 நிமிடம்.

சீனியைக் குறைக்கச் சொன்னால் பலரும் கோப்பையின் அளவைத்தான் குறைப்பார்கள். தையல்காரர் அரைக் கரண்டிக்கு வந்தால் நாளுக்கு நாலு கரண்டிதான், மூன்றில் ஒரு பங்கு. இறக்கம் ஆழம் குறையலாம், ஆனால் எண்ணிக்கை அதே ஒன்பது. இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளில் பழையபடி ஒன்றரைக் கரண்டி போட்டு, நடுவில் உள்ள ஆறையும் சீனியில்லாமல் குடித்தால் மொத்தம் மூன்று கரண்டி, இறக்கமும் மூன்று. தேயிலைக்குப் பல்லோடு பகையில்லை. வெறும் தேத்தண்ணியோடு கருப்பட்டியோ பனங்கட்டியோ கடிப்பவர்கள் அது இயற்கையானது என்று சமாதானம் சொல்வார்கள். அவற்றில் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். பற்றீரியா வித்தியாசம் பார்ப்பதில்லை. தேனில் பெரும்பங்கு குளுக்கோசும் பிரக்டோசும், அவற்றையும் பற்றீரியா அமிலமாக்கும். இடுக்கில் ஒட்டிக்கொண்டு கரையும் டொபியும் கிறீம் விசுக்கோத்தும் திரவத்தைவிட மோசம், அவை விலக நேரம் எடுக்கும்.

இதற்கு மனிதரிடமே கிடைத்த சான்று 1940களின் நடுவில் சுவீடனின் விப்பெகோல்ம் மருத்துவமனையில் தொடங்கிய ஆய்வு. சாப்பாட்டோடு நிறையச் சீனி கொடுத்தவர்களுக்குச் சூத்தை கொஞ்சம்தான் கூடியது. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் டொபி கொடுத்தவர்களுக்கு மளமளவென்று கூடியது. டொபியை நிறுத்தியதும் வேகம் குறைந்தது. ஆனால் ஆட்பட்டவர்கள் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத, மனவளர்ச்சி குன்றிய நோயாளிகள். இன்று எந்த ஒழுக்கவியல் குழுவும் அனுமதிக்காத வேலை அது. முடிவை எடுத்துச் சொல்பவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒன்பது தாக்குதலில் ஒன்பதாவது முதலாவதைப் போல இருக்காது என்பதுதான் இதில் பலருக்கும் தெரியாத பகுதி. படலத்தில் பல வகைப் பற்றீரியா உண்டு. பெரும்பாலானவை அமிலத்தில் சோர்ந்துபோகும். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ், லக்டோபசில்லஸ் போன்ற சில அதைத் தாங்கும். வாரக்கணக்கில் அடிக்கடி அமிலம் வந்தால் தாங்குபவை பெருகி மற்றவை ஒதுங்கும். அதன் பிறகு அதே ஒன்றரைக் கரண்டிக்குப் படலம் முன்னைவிட ஆழமாக இறங்கும், ஏறவும் சுணங்கும். சும்மா இருக்கும்போதுகூடப் பி.எச். தாழ்ந்தே நிற்கும். இரண்டு நாள் சீனியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடாததற்கும் இதுவே காரணம். அதற்காக அளவு ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, சேர்த்த சீனி நாளின் சக்தியில் 10 சதவீதத்துக்குள். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். நம் இருவரும் அந்த விளிம்பில்தான் நிற்கிறார்கள். நடைமுறையில் அதிகம் தின்பவர் அடிக்கடி தின்பவராகவும் இருப்பார்.

இரவு தனிக் கணக்கு. தூக்கத்தில் எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும், எனவே படுக்கப்போகும் முன் குடித்த சீனித் தேத்தண்ணியின் இறக்கம் 40 நிமிடத்தில் முடியாது. சீனி போட்ட பால் போத்தலோடு தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் நாலும் முதலில் கெடும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது, நாக்கடிச் சுரப்பிகளின் எச்சிலும் அங்கேதான் வந்து விழுகிறது. இப்படி மேலே கெட்டுக் கீழே தப்பிய வாயைப் பார்த்தால் போத்தலைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் இல்லை, அது 6-க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். அவர்களுக்கு அதே கோப்பை இன்னும் நீண்ட தாக்குதல்.

ஓட்டை விழுவதற்கு முன் ஒரு கட்டம் உண்டு. அமிலம் மேற்பரப்புக்கு அடியில்தான் முதலில் கல்சியத்தை உருவும். உள்ளிருந்து வெளியேறும் கனிமம் மேற்பரப்பில் மறுபடி படிவதால் மேல்தோல் போல ஒரு மெல்லிய படை நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வெண்புள்ளி. பல்லைத் துலக்கி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றிக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்தால் மட்டும் தெரிந்தால் சேதம் மேலோட்டம். எச்சில் ஈரத்திலேயே தெரிந்தால் ஆழம் கூட. நுண்துளைகளில் தண்ணீர் இருக்கும்போது ஒளி அவ்வளவு சிதறாது, காற்றுப் புகுந்ததும் சிதறி வெள்ளையாகும். ஊசியாலோ குண்டூசியாலோ குத்திப் பார்க்க வேண்டாம். அந்த மேல்படை உடைந்தால் திருத்தக்கூடியது ஓட்டையாகிவிடும்.

படை உடையாதவரை திருத்தலாம். புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் உள்ள பற்பசையால் நாளுக்கு இரு தடவை துலக்க வேண்டும், ஒன்று கட்டாயம் படுக்கும் முன். துப்ப வேண்டும், தண்ணீரால் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு பசை, ஆறு வரை பட்டாணி அளவு. புளோரைட் சேர்ந்து மறுபடி படிந்த படிகம் பழையதைவிடத் தாழ்ந்த பி.எச்.-இல்தான் கரையும். ஆனால் இடையில் ஒன்பது இறக்கம் தொடர்ந்தால் பற்பசை ஈடுகொடுக்காது.

கல்முனை இருக்கும் அம்பாறையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் ஒரு குழப்பம் வரலாம். உலர் வலயத்தின் சில கிணறுகளில், அம்பாறையின் உட்பகுதிகள் உட்பட, நிலத்தடி நீரில் புளோரைட் கூடுதல். சிறுவயதில் அதைக் குடித்தவர்களின் பல்லிலும் வெள்ளைத் திட்டு இருக்கும். அது இடது, வலது இரு பக்கத்திலும் ஒரே மாதிரி, மேகம் படர்ந்தது போலப் பல் முழுக்கக் கீறலாக ஓடும், ஆண்டுக்கணக்கில் மாறாது. அமிலப் புள்ளி படலம் தேங்கும் ஈறு ஓரத்தில் நிற்கும், ஒரு பல்லில் இருந்து மற்றதில் இல்லாமலும் போகும், மாதங்களில் பெரிதாகும். பிரித்தறிய முடியாவிட்டால் பாடசாலைப் பல் சிகிச்சையாளரிடமோ ஆதார வைத்தியசாலையின் பல் பிரிவிலோ காட்டலாம். கிணற்று நீர்க்காரர்கள் பிள்ளைக்கு எந்தப் பற்பசை என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.