சம்பளம் சாரா முதல்: ஒரு சொல் விளக்கம்

ஹட்டனில் நடந்த ஒரு சேமிப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர் நல்ல விஷயத்தைத்தான் பேசினார். ஆனால் ஒரு மணி நேரத்தில் இருபது தடவையாவது "உங்கள் நிதிச் சுதந்திர எண் என்ன?" என்று கேட்டார். கொடுத்த துண்டுப் பிரசுரத்திலும் அதே சொல். பக்கத்தில் இருந்த என் சின்னம்மா, ஸ்டோரில் முப்பது வருஷம் தேயிலை பிரித்தவர், மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இந்த நம்பரை எங்க போய் எடுக்கிறது? பேங்குலயா?"

அவர் கேட்டதில் பிழையே இல்லை. பிழை சொல்லில் இருக்கிறது.

சம்பளம் நின்ற பிறகும் குடும்பம் நடக்க, இப்போதே சேர்ந்திருக்க வேண்டிய பணம் எவ்வளவு? இதுதான் பொருள். ஆங்கிலத்தில் இதை 'ஃபைனான்ஷியல் இண்டிபென்டன்ஸ் நம்பர்' என்பார்கள். அதில் 'இண்டிபென்டன்ஸ்' என்பதன் வேர் 'தொங்குதல்'. ஒன்றில் தொங்காமல் இருப்பது என்று அங்கே கருத்து. தமிழில் 'சாராமை'. 'சுதந்திரம்' வடமொழிச் சொல், தன் போக்கில் நடப்பது என்று பொருள். 'நிதி' இங்கே நிதி அமைச்சு வரைக்கும் வழக்கில் ஊறிய சொல், அதோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை 'எண்' என்பதோடு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இலக்கத்தையும் குறிக்கும், தொகையையும் குறிக்கும். தமிழ் அப்படி இல்லை. அடையாள அட்டைக்கு எண் உண்டு, லயத்து வீட்டுக்கு எண் உண்டு, சேமலாப நிதிக் கணக்குக்கும் எண் உண்டு. இவை எல்லாம் யாரோ ஒருவர் நமக்குக் கொடுப்பவை. பணத்தைச் சேர்த்தால் அது 'தொகை'. தொகு என்ற வினையிலிருந்து வந்தது, சேர்த்தது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும். 'எண்' என்று போட்டவுடன் சேர்க்கும் வேலை மறைந்து, வாங்கிக்கொள்ளும் வேலையாகிவிடுகிறது. சின்னம்மா வங்கியைத் தேடியது அதனால்தான்.

'சுதந்திரம்' என்பதிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. 1948 பெப்ரவரியில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருஷம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இந்தச் சொல்லை இங்கே வங்கிப் பணத்தோடு ஒட்டுகிறவர், கேட்பவரின் நினைவில் என்ன எழும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

தனித்தமிழ் விரும்பும் நண்பர்கள் 'தற்சார்புத் தொகை' என்கிறார்கள். 'எண்'ணைவிட நல்லது. ஆனால் தற்சார்பு என்றால் தன் கையாலேயே விளைவித்து வாழ்வது. நாம் பேசும் ஆள் எதையும் சாராதவர் அல்ல. சம்பளத்தை விட்டு, சேர்த்த பணத்தைச் சார்ந்து நிற்கிறவர். அந்தப் பணத்துக்குத் தமிழில் என்றோ பேர் இருக்கிறது: முதல்.

"முதலிலார்க்கு ஊதியம் இல்லை மதலையாம் சார்பிலார்க்கு இல்லை நிலை" என்பது 449ஆம் குறள். முதல் இல்லாதவருக்கு அதிலிருந்து வரும் வரவும் இல்லை, தாங்கும் துணை இல்லாதவருக்கு நிலைப்பும் இல்லை. முதல், சார்பு இரண்டும் இதிலேயே இருக்கின்றன. ஆனால் இங்கே ஊதியம் என்றால் இலாபம், அது சம்பளமானது பிற்காலத்தில். அதனால் 'ஊதியம் சாரா முதல்' என்று வைத்தால் பழைய பொருளோடு முட்டும். சம்பளம் தூய தமிழா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தோட்டத்தில் சம்பள நாள் என்றால் குழந்தைக்கும் தெரியும். 'சம்பளம் சாரா முதல்' என்றே சொல்வோம்.

'முதல்' என்று சொல்வதில் இன்னொரு நன்மை, கணக்கு தானாகச் சரியாகிறது. முதலைத் தின்னக்கூடாது என்பது நம் வீடுகளில் எல்லாரும் அறிந்தது. என் மாமா ஒருவரின் கணக்கைப் பாருங்கள். தோட்ட ஆபீசில் கிளாக்கர், தோட்டத்துக் குவாட்டர்ஸில் குடியிருப்பு. மாதச் செலவு 55,000 ரூபாய், வருஷத்துக்கு 6,60,000. பிரசுரத்தில் இருந்த வழிப்படி அதை நிலையான வைப்பின் வட்டியால் வகுத்தார். வட்டி 8 சதவீதம் என்று வைத்து, 82,50,000 ரூபாய் தன் 'எண்' என்று எழுதினார்.

இதில் இரண்டு ஓட்டை. முதலாவது, வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். லயத்தில் இருப்பவருக்கும் இதே கவலைதான். ஹட்டன் டவுனில் வாடகை 20,000, கரண்ட், தண்ணி, காஸ் 5,000 என்று வைத்தால் மாதம் 80,000 ஆகிறது. கோயில் திருவிழா, கல்யாணக் காட்சி, மருந்து, வீட்டுச் சாமான் பழுது என்று மாதக் கணக்கில் வராதவை வருஷத்துக்கு 1,40,000. மொத்தம் 11,00,000. சம்பளத்தோடு இருக்கும் செலவை எண்ணக்கூடாது, சம்பளம் நின்ற பின் வரும் செலவை எண்ண வேண்டும்.

இரண்டாவது, விலைவாசி. வட்டி முழுவதையும் எடுத்துச் செலவழித்தால் முதலின் ரூபாய்க் கணக்கு குறையாது, அதைக் கொண்டு வாங்கக்கூடிய அரிசி குறையும். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் ஒரு வருஷத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியதை நாம் மறக்கவில்லை. அமைதியான காலத்தில் விலை 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தாலும், 8 சதவீத வட்டியில் உண்மையில் மிஞ்சுவது சுமார் 3. அந்த 11,00,000 செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டே போனால், மாமாவின் 82,50,000 ஒன்பது வருஷத்துக்குள் தீர்ந்துவிடும்.

பலரும் சொல்லும் வழிப்படி வருஷச் செலவைப் போல் 25 மடங்கு என்றால் 2,75,00,000. அதே 3 சதவீத மிச்சத்தில் அது சுமார் 46 வருஷம் ஓடும். மிச்சம் 2 ஆனால் 35 வருஷம். வட்டியும் விலையும் சமமானால் சரியாக 25 வருஷம். 50 வயதில் வேலையை விடுகிறவருக்கு அந்தக் கடைசிக் கணக்கு 75இல் முடிந்துவிடும். வட்டியைத் தாண்டி விலை ஓடினால் அதுவும் இல்லை. சேமலாப நிதியை இந்த முதலில் சேர்க்கலாம். ஆனால் பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை கைக்கு வராது என்பதால், அதற்கு முன் வேலையை விடுகிறவர் இடைப்பட்ட வருஷங்களுக்குத் தனியாக வைத்திருக்க வேண்டும்.

இந்த 25 மடங்கையும் மொழிபெயர்ப்பாளர்கள் கெடுத்துவிட்டார்கள். 25 மடங்கு சேர்த்தால் வருஷச் செலவு அதில் நூற்றுக்கு நான்கு என்பதால் '4 சதவீத விதி' என்கிறார்கள். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்கர் 1994இல், அந்நாட்டுப் பங்குகளும் கடன்பத்திரங்களும் கலந்த சேமிப்பு 30 வருஷம் தாங்குமா என்று பழைய விலைகளை வைத்துப் பார்த்துக் கண்ட கணக்கு அது. அவருடைய நாடு, அவருடைய சந்தை. நம் நிலையான வைப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தமிழில் விதி என்றால் மீற முடியாதது, தலையெழுத்து. இதைக் கைக்கணக்கு என்று எழுதியிருந்தால், நம் ஊருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கும் துணிச்சல் வாசிப்பவருக்கு வந்திருக்கும். அப்புறம் 'செயலற்ற வருமானம்' என்று ஒன்று. செயலற்றது என்றால் வேலை செய்யாமல் கெட்டுப்போனது. சேர்த்த முதலிலிருந்து வருவதை 'முதல்வழி வரவு' என்றால் யாரும் குழம்பமாட்டார்கள்.

பிரசுரத்தின் பின்பக்கம் சின்னம்மாவுக்காக நான் இப்படி எழுதிக் கொடுத்தேன்: சம்பளம் நின்ற பிறகு ஒரு வருஷத்துக்கு வரும் செலவு, குடிக்கூலியோடு, அதைப் போல் 25 மடங்கு, அதுதான் சேர்க்க வேண்டிய முதல். அவர் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "லயத்து வீட்ட விட்டுட்டா, வாடகை எவ்வளவுன்னு போடுறது?"