ஒரு மொட்டை மாடி, ஐந்து மீட்டர்: சூரிய மின்சாரத்தைப் பங்கு பிரிக்கும் கணக்கு

தனி வீட்டுக்குச் சூரிய மின்சாரம் எளிது. கூரையில் பேனல், கீழே இன்வெர்ட்டர், வாசலில் வந்ததையும் போனதையும் சேர்த்து அளக்கும் ஒரு மீட்டர், அவ்வளவுதான். அடுக்குமாடியில் சிக்கல் கூரையிலேயே தொடங்கிவிடுகிறது. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, மீட்டரோ ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் பேனல் வைத்து, தனி இன்வெர்ட்டர் மாட்டி, மேலிருந்து தன் மீட்டர் வரை தனிக் கேபிள் இறக்கலாம்தான். ஆனால் சின்னச் சின்ன நிலையங்களாகப் பிரித்தால் ஒரு கிலோவாட்டுக்கு ஆகும் செலவு ஏறிவிடும். இரண்டாம் தளத்துக்காரரின் பேனல் மீது தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தால் அந்த நஷ்டம் அவருக்கு மட்டும்தான்.

இதற்குக் கண்டுபிடித்த வழி, நிலையத்தை ஒன்றாகவே வைத்துக்கொண்டு அதன் கணக்கை மட்டும் பிரிப்பது. பெரிய நிலையம் ஒன்றைக் கட்டி, அதற்கென்று தனியாக ஓர் உற்பத்தி மீட்டர் வைத்து, வருகிற மின்சாரம் முழுவதையும் விநியோகக் கம்பியில் விட்டுவிடுகிறார்கள். வீடுகளின் மீட்டர்கள் பழையபடியே இருக்கும். மாதக் கடைசியில் உற்பத்தி மீட்டர் காட்டும் யூனிட்களை, முன்பே எழுதிக் கொடுத்த விகிதப்படி மின்நிறுவனத்தின் பில்லிங் மென்பொருள் பிரித்து, ஒவ்வொரு இணைப்பின் பில்லிலும் கழிக்கிறது. இதுதான் விர்ச்சுவல் நெட் மீட்டரிங். குழு நெட் மீட்டரிங் இதற்குப் பங்காளி முறை. அதில் இணைப்புகள் பலவாக இருந்தாலும் உரிமையாளர் ஒருவரே. ஓர் இடத்தில் மிஞ்சும் யூனிட்களை அவருடைய மற்ற இணைப்புகளில், அவர் சொன்ன வரிசைப்படி கழிப்பார்கள். டெல்லியின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் இந்த இரண்டுக்கும் சேர்த்தே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

மின்சாரம் இந்தக் காகிதக் கணக்கைப் பார்த்து ஓடுவதில்லை. மாடியில் உற்பத்தியாவது பக்கத்தில் எந்த மோட்டார் ஓடுகிறதோ அதற்குள் போகும், மிச்சம் தெருக் கம்பிக்குப் போகும். "என் பங்கு மின்சாரம் எனக்கு வரவில்லையே" என்று யாராவது கேட்டால், அவர் கம்பியைப் பார்க்கிறார் என்று அர்த்தம். பார்க்க வேண்டியது பில்லை.

ஆகவே இங்கே எல்லாமே அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. ஒரு கற்பனைக் கட்டடத்தை வைத்துப் பார்ப்போம். மாடியில் 20 கிலோவாட் நிலையம். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று வைத்தால் 30 நாளில் 2,400 யூனிட். கீழே நான்கு வீடுகள், கூடவே லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது மீட்டர். சங்கத்தில் பேசி, பொது மீட்டருக்கு 40 சதவீதம், வீட்டுக்கு 15 சதவீதம் வீதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதாவது பொதுவுக்கு 960, ஒவ்வொரு வீட்டுக்கும் 360 யூனிட் வரவு.

இனி செலவு. பொது மீட்டர் 900 யூனிட். முதல் வீட்டில் 500, இரண்டாவதில் 300, மூன்றாவதில் 410. நான்காவது வீட்டுக்காரர் வெளியூரில், அங்கே 40 தான். எல்லாம் கூட்டினால் 2,150. உற்பத்தியைவிட 250 குறைவு. அப்படியானால் யாரும் யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை அல்லவா? கட்ட வேண்டும். முதல் வீட்டுக்கு 140 யூனிட்டும் மூன்றாவது வீட்டுக்கு 50 யூனிட்டும் பில் வரும். அதே மாதத்தில் பொது மீட்டரில் 60, இரண்டாவது வீட்டில் 60, பூட்டிய வீட்டில் 320 என 440 யூனிட் சும்மா நிற்கும். ஒருவர் கணக்கில் மிஞ்சுவது தானாக இன்னொருவர் கணக்குக்குத் தாவாது.

மிஞ்சியது வீணாகிவிடாது, அடுத்த மாதத்துக்குப் போகும் என்பது பெரும்பாலான விதிகளில் உண்மை. ஆனால் ஆண்டு முடிவில் கணக்கை நேர் செய்யும்போது எஞ்சியதைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்கள், சில இடங்களில் ஒன்றுமில்லாமல் அழித்தும் விடுவார்கள். இரண்டாவது வீட்டின் 60 யூனிட் கோடையில் ஏசி ஓடும்போது கரைந்துவிடும். பூட்டிய வீட்டில் மாதம் 320 வீதம் சேர்வது கரைய வாய்ப்பே இல்லை.

சரி, விகிதத்தை நுகர்வுக்கு ஏற்ப மாற்றினால் என்ன? கணக்குப்படி அதுதான் சரி. கட்டணம் படிநிலையாக ஏறும் இடங்களில் லாபம் இன்னும் கூடும். அங்கே வரவு யூனிட்கள் முதலில் வெட்டுவது மேல் படியைத்தான். 500 யூனிட் வீட்டில் கழியும் ஒரு யூனிட் விலையுயர்ந்த யூனிட், 40 யூனிட் வீட்டில் கழிவது மலிவானது. ஆனால் மனிதக் கணக்கு வேறு மாதிரி. நான்கு வீடும் சமமாகப் பணம் போட்டிருக்கும்போது, வெளியூர்க்காரரிடம் "உங்களுக்கு 2 சதவீதம் போதும்" என்று எப்படிச் சொல்வது? என் பார்வையில், மின்நிறுவனத்திடம் கொடுக்கும் விகிதம் நுகர்வையே பின்பற்ற வேண்டும். போட்ட பணத்துக்கான ஈட்டைச் சங்கத்தின் வரவு செலவில் தனியாகத் தீர்த்துக்கொள்ளலாம், உதாரணமாகப் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்து. இரண்டு நியாயங்களையும் ஒரே எண்ணுக்குள் திணித்தால்தான் யூனிட் தேங்குகிறது. அப்புறம், இதே நுகர்வு ஆண்டு முழுக்க என்றால் இந்தக் கட்டடத்துக்கு 18 கிலோவாட்டே போதும்.

இதுவரை மாதம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கழித்தோம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஸ்பெயினில் 2019 முதல் உள்ள விதிப்படி மணிக்கு மணி கணக்கு. பகல் 12 மணிக்கு ஒரு வீட்டின் பங்காக 3 யூனிட் உற்பத்தியாகி, அந்த மணியில் அங்கே ஒரு யூனிட்தான் செலவானால், மற்ற இரண்டும் உபரியாகக் குறைந்த மதிப்பில் போய்விடும். இரவு எட்டு மணி ஏசிக்கு அவை உதவாது. இந்த முறையில் பகலில் ஓடும் தண்ணீர் மோட்டாருக்குத் திடீரென்று மவுசு கூடிவிடுகிறது, பொது மீட்டரின் பங்கை உயர்த்துவதும் புத்திசாலித்தனமாகிறது. பிரான்சில் நிலையான விகிதத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு நேரத்துண்டிலும் யார் எவ்வளவு செலவழித்தார்களோ அதற்கேற்ப மாறும் பங்கையும் தேர்ந்தெடுக்கலாம். நம் கட்டடத்தில் அது இருந்தால் பூட்டிய வீட்டில் யூனிட் தேங்காது.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று, யூனிட் பூஜ்யமானாலும் நிலைக் கட்டணம் வரும். இன்னொன்று, பேட்டரி இல்லாத நிலையத்தின் இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆள் மீது மின்சாரம் பாயாமல் இருக்க வேண்டிய பாதுகாப்பு அது. உச்சி வெயிலிலும் லிஃப்ட் நிற்கத்தான் செய்யும்.

பில்லில் தவறு வந்தால் கண்டுபிடிக்கக் கூட்டல் மட்டும் போதும். அந்த மாதத்தின் ஐந்து பில்களிலும் உள்ள வரவு யூனிட்களைக் கூட்டி, உற்பத்தி மீட்டரின் முன் ரீடிங்குக்கும் பின் ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். இன்வெர்ட்டரின் செயலி காட்டும் எண்ணை எடுக்கக் கூடாது, அது மீட்டரோடு கொஞ்சம் மாறுபடும். 2,400 வர வேண்டிய இடத்தில் 2,040 வந்தால், குறையும் 360 சரியாக ஒரு வீட்டின் பங்கு. ஏதோ ஒரு வீடு கைமாறி, இணைப்பு எண் மாறி, பட்டியலிலிருந்து விழுந்திருக்கும். கூட்டுத்தொகை இந்த மாதம் குறைந்து அடுத்த மாதம் அதே அளவு கூடினால், உற்பத்தி மீட்டரையும் வீட்டு மீட்டர்களையும் வெவ்வேறு தேதியில் ரீடிங் எடுத்திருக்கிறார்கள், அது தானே நேராகிவிடும். விழுந்துபோன பங்கு அப்படி நேராகாது. பழைய இணைப்பு எண், புதிய எண், அந்த மாதத்து ஐந்து பில்கள் எல்லாவற்றையும் இணைத்து எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப வரும்.