ஏரோசால்: டப்பா என்று சொல்லிவிட்டோம், அழுத்தத்தை மறந்துவிட்டோம்

எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருநாள் என் கூடையிலிருந்து ஒரு கொசு மருந்து ஸ்பிரேயைத் தனியே எடுத்தார். அதை என் காதருகே பிடித்து ஆட்டினார். உள்ளே ஏதோ திரவம் தளும்பியது. "காலி என்று போட்டிருக்கிறீர்கள் ஐயா, கேளுங்கள்" என்றார். பொத்தானை அமுக்கியபோது மருந்து வரவில்லை என்பதால்தான் நான் அதைக் காலி என்று முடிவு செய்திருந்தேன். அந்தத் தளும்பல் ஓசை பல நாள் மனத்தில் நின்றது. அந்தப் பொருளை நாம் அழைக்கும் பெயரிலேயே பிழை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

கடையில் 'ஸ்பிரே டப்பா' என்று கேட்டு வாங்குகிறோம். டப்பா என்றால் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தீர்த்து, வீசிவிடக்கூடிய பொருள் என்று நம் மனம் பழகியிருக்கிறது. பவுடர் டப்பா, பிஸ்கட் டப்பா எல்லாம் அப்படித்தான். தயாரிப்பாளர்களும் அறிவியலாளர்களும் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஏரோசால்.

ஏரோசால் இரண்டு துண்டுகள் சேர்ந்த சொல். 'ஏர்' என்பது காற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'சால்' என்பது, கரைசலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வேதியியலார் வெட்டிச் சுருக்கிய வடிவம். மிக நுண்ணிய துகள்கள் ஒரு திரவத்தில் கரையாமலும் படியாமலும் மிதந்துகொண்டிருக்கும் கலவைக்கு 19-ஆம் நூற்றாண்டில் அப்படிப் பெயரிட்டார்கள். நம் பள்ளிப் பாடநூல்கள் கூழ்மம் என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், திரவத்துக்குப் பதிலாகக் காற்றிலே துகள்கள் மிதக்கும் நிலைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. லண்டனில் இருந்த வேதியியலாளர் டோனன் இந்தச் சொல்லைப் படைத்ததாகச் சொல்வார்கள். 1920-ல் ஜெர்மானிய வானிலையாளர் ஷ்மாவுஸ் அதை வளிமண்டல ஆய்வுக்குள் கொண்டுவந்தார்.

ஆகவே மூலப் பொருளில் ஏரோசால் என்பது ஒரு கலம் அன்று. காற்றில் மிதக்கும் நுண்துளிக் கூட்டம். மூடுபனி ஓர் ஏரோசால், அடுப்புப் புகை ஓர் ஏரோசால். வானிலைக் கட்டுரைகளில் இதைத் 'தூசிப்படலம்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பயன்பாட்டுக்கு அது பொருந்தும். நுண்துளிக்குத் 'திவலை' என்ற அழகான சொல்லும் நம்மிடம் உண்டு. சாரலில் முகத்தில் படுவது திவலைதான். ஸ்பிரேயிலிருந்து வெளிவருவதும் திவலைதான்.

வெளிவரும் திவலைக்கு உரிய பெயர், அதை வெளியே தள்ளும் கலத்துக்கு எப்படிப் போனது? 1920-களின் இறுதியில் நார்வேப் பொறியாளர் எரிக் ரோத்தைம், வால்வு வைத்த கலத்துக்குள் திரவத்தையும் அதைத் தள்ளும் வாயுவையும் ஒன்றாக அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது பரவலாகப் பயன்பட்டது இரண்டாம் உலகப் போரில்தான். பசிபிக் தீவுகளில் மலேரியாவால் விழுந்துகொண்டிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக, அந்நாட்டு வேளாண் துறையின் குட்ஹியூ, சல்லிவன் என்ற இருவர் கையடக்கமான கொசு மருந்துக் கலத்தை உருவாக்கினார்கள். வீரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பூச்சிக் குண்டு'. கையில் பிடித்திருப்பது அழுத்தம் அடைத்த பொருள் என்பதை அந்தப் பெயர் மறைக்கவில்லை. போர் முடிந்து, கலம் மெல்லிய தகரத்துக்கு மாறி, வீட்டு அலமாரிக்கு வந்தபோது குண்டு என்ற பெயர் உதிர்ந்துவிட்டது.

இதற்குள் இன்னொரு மாற்றமும் நடந்தது. அன்றைய கலங்களில் தள்ளுவாயுவாக இருந்தது குளோரோபுளோரோகார்பன். அது தீப்பற்றாது. ஆனால் ஓசோன் படலத்தை அரிப்பது அதுதான் என்று தெரிந்ததும், 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே உலகம் அதைக் கைவிட்டது. அந்த இடத்துக்குப் பெரும்பாலும் வந்தவை புரொப்பேனும் பியூட்டேனும். நம் சமையலறை எரிவாயுவில் இருப்பவையும் இவையே. வானத்துக்கு நல்லது நடந்தது; அதே வேளையில் குளியலறை அலமாரியில் இருக்கும் வாசனைக் குப்பி ஒரு குட்டி எரிவாயு சிலிண்டராக மாறிவிட்டது. ஒரு வேறுபாடும் உண்டு. சமையல் எரிவாயு கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக அதில் நாற்றமுள்ள வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். நறுமணக் குப்பியில் அதைச் சேர்க்க முடியாது. ஆகவே இது கசிந்தால் மூக்கு எச்சரிக்காது.

இனி 'காலி' என்ற சொல்லுக்கு வருகிறேன். அரபு மொழியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்து தமிழாகவே ஆகிவிட்ட சொல். இந்தக் கலத்தைப் பொறுத்தவரை அதை நம்பக்கூடாது. உள்ளே தள்ளுவாயு திரவமாக இருக்கிறது. அதன் மேலே அதே பொருள் வாயுவாக நிற்கிறது. வாயு வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புகிறது. அதனால் கலம் முழுதாக இருந்தாலும், அடியில் இரண்டு ஸ்பூன் திரவமே எஞ்சியிருந்தாலும், ஒரே வெப்பநிலையில் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். நம் ஊர் வெப்பத்தில் அது கார் டயரின் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். கடைசித் திரவத் துளி தீரும் வரை அது பெரிதாக இறங்காது. வாய்த்துளை மருந்துப் பிசினால் அடைத்துக்கொண்டாலும், உறிஞ்சுகுழாயின் நுனிக்குத் திரவம் எட்டாமல் போனாலும் நமக்கு எதுவும் வராது. நாம் காலி என்கிறோம். ஆட்டினால் தளும்புகிறது.

அப்படிப்பட்ட ஒரு குப்பியில் 50 மில்லி திரவ வாயு எஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேநீர்க் கிளாஸில் பாதி அளவு. திரவ நிலையிலிருந்து வாயுவாக மாறும்போது அது சுமார் 250 மடங்கு பெருகும். அதாவது 12 லிட்டருக்கு மேல். இந்த வாயு காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். எனவே 12 லிட்டர் வாயு சுமார் 600 லிட்டர் காற்றை எரியும் கலவையாக்கப் போதும். தெருமுனையில் சக்கரம் வைத்து நிற்கும் பெரிய குப்பைத்தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய அவ்வளவுதான். பியூட்டேன் காற்றைப் போல இரு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்துபோகாமல் தொட்டியின் அடியிலேயே தங்கும். அதன் மேல் யாரோ ஒருவர் அணைக்காத பீடித் துண்டைப் போட்டால் போதும்.

குப்பை லாரியில் நிலை இன்னும் மோசம். பின்புறம் குப்பையை வாங்கி, இரும்புத் தட்டால் அழுத்தி உள்ளே தள்ளும் லாரி அது. தகரக் குப்பி அந்தத் தட்டுக்கும் ஒரு செங்கல் துண்டுக்கும் நடுவில் சிக்கினால் மடிப்புகளில் கிழியும். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் பொறி பறக்கும். அருகிலேயே காகிதமும் நெகிழிப் பைகளும் அடைந்து கிடக்கின்றன. லாரியின் பின்படியில் நின்றுகொண்டு தொட்டியைக் கவிழ்ப்பவர் அந்த வாய்க்கு நேர் எதிரே இருக்கிறார். கிழியாமல் தப்பிய குப்பிக்கும் மே மாத வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் நிம்மதி இல்லை. 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக விடாதீர்கள், தீர்ந்த பிறகும் துளையிடாதீர்கள், எரிக்காதீர்கள் என்று அதன் முதுகிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். குப்பை பிரிக்கிறவரிடம் அந்த எழுத்து பேசுவதே இல்லை.

சிலிண்டர் என்ற சொல்லுக்கு இந்தக் குழப்பம் குறைவு. கிரேக்கத்தில் உருளுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது அது; நாம் 'உருளை' என்பதும் அதே கருத்திலிருந்துதான். 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளையைக் குப்பையில் போடுவார் யாருமில்லை. அது எண்ணெய் நிறுவனத்தின் உடைமை. முன்பணம் கட்டி நாம் வைத்திருக்கிறோம், வேண்டாமென்றால் விநியோகஸ்தரிடம் திருப்பித் தருகிறோம். குப்பைக்கும் காயலான் கடைக்கும் போவது முகாம் அடுப்புகளில் செருகும் சிறு வாயுக் குப்பிகளும், பழைய, உரிமையாளர் தெரியாத உருளைகளும்தான். எடைக்கு எடுத்த உருளையைக் காலி என்று நம்பி, இரும்பு வெட்டும் தீச்சுடரை அதன் மேல் வைக்கும் கணம்தான் அங்கே கொடியது. உள்ளே மிச்சமிருக்கும் வாயு, வால்வு வழியே புகுந்த காற்றோடு கலந்து தயாராக நிற்கும்.

தீயணைப்பான் என்ற பெயரோ நேர் எதிராக ஏமாற்றுகிறது. தீயை அணைப்பது தீயால் எப்படி வெடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். அதில் எரியும் பொருள் இல்லைதான், இருப்பது அழுத்தம். தூள் நிரப்பிய சிவப்பு உருளையில் நைட்ரஜன் கார் டயரைப் போல ஏழு மடங்கு அழுத்தத்தில் நிற்கிறது. கரியமில வாயு நிரப்பியதில், 20 டிகிரியிலேயே 25 மடங்குக்கு மேல். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற நிலையே இருக்காது. அதன் பின் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் வேகமாக உயரும். நம் ஊரில் 31 டிகிரி என்பது காலை ஒன்பது மணி. அளவியின் முள் சிவப்புக்கு இறங்கிவிட்டால் தீர்ந்துவிட்டது என்று கொள்ளவும் முடியாது. பச்சைக்குக் கீழே போனாலே முள் சிவப்பைக் காட்டும், உள்ளே இன்னும் பல மடங்கு அழுத்தம் இருக்கலாம். சில வகைகளில் அளவியே கிடையாது. உள்ளே தனியாக ஒரு சிறு வாயுக்குழல் இருக்கும். காலாவதியானதை நிரப்பித் தரும் கடைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். அழுத்தத்தை இறக்கி, தூளைக் கொட்டி, இரும்பைப் பிரிக்கும் கருவிகள் அவர்களிடம்தான் உண்டு.

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பூச்சிமருந்துக் கலங்களை 'வீட்டு அபாயக் கழிவு' என்ற தனிப் பிரிவில் வைத்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றும் கூறின. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகவே பேசிப் பழகிய நமக்கு இந்த மூன்றாவது பெயர் இன்னும் நாவில் ஏறவில்லை.

ஏரோசால் கலத்துக்கு என்ன தமிழ் சொல்வது? 'தெளிப்பான்' வயலில் நீர் தெளிக்கும் கருவிக்குப் போய்விட்டது. 'திவலைக் குப்பி' அழகாக இருக்கிறது; ஆனால் அதுவும் வெளிவருவதையே சொல்கிறது, உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை. என் தேர்வு 'அழுத்தக் குப்பி'. குப்பி நமக்குப் பழகிய சொல். அழுத்தம் என்ற முதற்பகுதி, பொருளைக் கையில் எடுக்கும்போதே எச்சரிக்கிறது. சிறு வாயுக் கலங்களையும் இதே பெயருக்குள் அடக்கிவிடலாம்.

அந்தக் கொசு மருந்தின் பொத்தானைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவினேன். அடைப்பு விட்டது. அடுப்பும் விளக்கும் இல்லாத கொல்லைப்புறத்தில், சீறல் ஓசை முற்றிலும் நிற்கும் வரை இரண்டு மாலைகள் பயன்படுத்தினேன். ஆட்டினேன், தளும்பவில்லை. அப்போதும் கூடையில் போடாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் 'அழுத்தக் குப்பி, தீர்ந்தது' என்று எழுதி ஒட்டி அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, தானும் ஒருமுறை காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, வண்டியின் கைப்பிடியில் தனியாகத் தொங்கிய சாக்குப்பையில் போட்டுக்கொண்டார்.