தலைப்பில் பரிசுத் தொகை வேண்டாம்

டிவி விளையாட்டு நிகழ்ச்சிக்குப் பெயர் தேட உட்கார்ந்தால், முதலில் வந்து விழுவது பரிசுத் தொகைதான். சேனலுக்கும் பிடிக்கும், விளம்பரதாரருக்கும் பிடிக்கும். சிக்கல் பரிசை உயர்த்தும்போது வரும்.

அமெரிக்காவில் 1973-ல் '10,000 டாலர் பிரமிட்' தொடங்கியது. ஜோடியில் ஒருவர் குறிப்புக் கொடுக்க, மற்றவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசிச் சுற்றின் பலகை பிரமிட் வடிவில் இருக்கும். பரிசு ஏற ஏற 20,000, 25,000, 50,000, பிறகு 1985-ல் 1,00,000 என்று பெயரும் மாறிக்கொண்டே போனது. அத்தனை மாற்றத்திலும் அடையாளம் தொலையாமல் காப்பாற்றியது 'பிரமிட்' என்ற சொல்தான், ஏனென்றால் அது விளையாட்டில் கண்ணால் பார்க்கிற பொருள்.

நம் பக்கம் பார்த்தால், 2000-ல் வந்த 'கௌன் பனேகா குரோர்பதி'யில் முதலில் பரிசு 1 கோடி. 2005-ல் அது 2 கோடியானது, பின்னால் 7 கோடியையும் தொட்டது. பெயரில் கை வைக்க அவசியமே வரவில்லை. ஏழு கோடி ஜெயித்தவரும் கோடீஸ்வரர்தானே! அதே நிகழ்ச்சி தமிழில் 2012-ல் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' ஆனது. அழைப்பாக இது இன்னும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வேன். ஆனால் பரிசை 2 கோடியாக்க நினைத்தால் பெயர் இடிக்கும்.

சரி, விளையாட்டைச் சொல்லும் பெயர் எப்படி அமையும்? 'டீல் ஆர் நோ டீல்' எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியாளர் பெட்டிகளைத் திறப்பார், ஆட்டத்தை நிறுத்த வங்கியாளர் ஒரு தொகை பேசுவார், அதை ஏற்கிறீர்களா இல்லையா என்று தொகுப்பாளர் கேட்கும் கேள்வியே தலைப்பு. சன் டிவியில் 'டீலா நோ டீலா' என்று வந்தபோதும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு கற்பனை விளையாட்டு. ஒவ்வொரு சரியான விடைக்கும் பணம் இரட்டிப்பாகும். தவறினால் எல்லாம் போகும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் பணத்தோடு விலகலாம். 'அறிவுக் களஞ்சியம்' என்று வைத்தால் எந்த வினாடி வினாவுக்கும் பொருந்தும். 'லட்சாதிபதி' பரிசை மட்டும் சொல்கிறது. 'போதுமா? மேலே போகலாமா?' என்று வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தொகுப்பாளர் வாயில் அது இயல்பாக வரும். பரிசு எவ்வளவு ஆனாலும் பாதகமில்லை. நிகழ்ச்சியைப் பார்க்காத ஒருவரிடம் பெயரை மட்டும் சொல்லி, "இதில் என்ன செய்யணும்னு தோணுது?" என்று கேளுங்கள். "நிறுத்தவா, தொடரவா என்று முடிவெடுக்கணும்" என்ற மாதிரி பதில் வந்தால் பெயர் வேலை செய்கிறது.

ஒன்று, இப்படிப்பட்ட பெயர் அந்த விதியோடு கட்டுண்டது. அடுத்த சீசனில் பாதியில் விலகும் வசதியை எடுத்துவிட்டால் பெயரும் செத்துவிடும். அதனால் எந்த விதியை மாற்றவே மாட்டோம் என்று, நிகழ்ச்சியின் விதிகளைச் சொல்லும் ஃபார்மேட் ஆவணத்தில் முதலில் எழுதிவிட்டு, அப்புறம் பெயருக்கு உட்காருங்கள்.