நினைவுக் கல்லில் வருடம் பொறிக்கும் முன்னால் ஸ்கோர் கார்டைப் பாருங்கள்

போன கோடையில் கோத்தகிரியிலிருந்து ஒரு குடும்பம் என்னைத் தேடி குன்னூர் வந்தது. நான் நூலகர். பழைய கிரிக்கெட் ஆண்டு மலர்களோடும் செய்தித்தாள் கட்டுகளோடும் பல வருடங்களாகப் புழங்குகிறேன். தாத்தாவின் நினைவுக் கல்லில் ‘ரஞ்சி அறிமுகம் 1953’ என்று பொறிக்கப் போகிறார்கள், ஒரு தடவை சரிபார்த்துத் தர வேண்டும். அவர்கள் கையில் இருந்த ஆதாரம் ஓர் அணிப் புகைப்படம். பின்பக்கம் பென்சிலில் ‘ஜனவரி 1953’.

படத்தில் வெள்ளைச் சட்டைக்காரர்களை எண்ணினேன். பன்னிரண்டு பேர். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பன்னிரண்டாவது ஆட்டக்காரரும் படத்துக்கு நிற்பார், ஆனால் ஆட்டக் கணக்கில் வரமாட்டார். ஜனவரி 1953 என்றால் 1952-53 பருவத்து மலரைத்தான் எடுக்க வேண்டும். நம் பருவம் வருடக் கடைசியில் தொடங்கி அடுத்த வருடத்துக்குள் போகும் என்பதால், வெறும் ஒற்றை வருடத்தை நம்பித் தேடினால் தவறான மலரைப் புரட்டிக்கொண்டிருப்போம்.

அந்த ஆட்டத்தின் ஸ்கோர் கார்டில் பதினொரு பேரில் தாத்தா இல்லை. மறுநாள் செய்தித்தாளில் மட்டும், அவர் மாற்று ஆளாக ஃபீல்டிங் செய்து ஒரு காட்ச் பிடித்ததாக ஒரு வரி இருந்தது. வீட்டில் தலைமுறையாகச் சொல்லிவந்த காட்ச் அதுதான். கார்டில் அது ‘சப்’ என்று பதிவாகியிருந்தது. மாற்று ஆள் பிடித்த காட்ச் அவருடைய சொந்தக் கணக்கில் ஏறாது, அந்த ஆட்டமும் ஏறாது.

அடுத்த பருவ மலரில் பேட்டிங் பட்டியலைப் பார்த்தால், ஜனவரி 1954 ஆட்டம்தான் முதல் ஆட்டம் போலத் தெரியும். அதில்தான் அவர் 8 ரன் எடுத்திருக்கிறார். ஆனால் ஸ்கோர் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, டிசம்பர் 1953 ஆட்டத்திலேயே அவர் பெயர் பதினொரு பேரில் இருந்தது. பேட் பிடிக்கவில்லை, விக்கெட்டும் எடுக்கவில்லை. அதனால் எந்தப் பட்டியலிலும் அந்த ஆட்டம் தலைகாட்டவில்லை. பேட் பிடிக்காவிட்டாலும் பதினொருவரில் இருந்து ஆட்டம் தொடங்கிவிட்டால் அது ஆட்டம்தான். அறிமுகம் அதுவே.

கடைசி ஆட்டத்துக்கும் இதே கதை. பருவ சராசரிப் பட்டியலில் சில இன்னிங்ஸே ஆடியவர்களை விட்டுவிடுவது உண்டு. பட்டியலில் பெயர் இல்லை என்று நிறுத்தாமல், இன்னும் இரண்டு மூன்று பருவங்களின் கார்டுகளைப் பார்த்துவிட வேண்டும். அப்படித்தான் 1955-56ல் இன்னோர் ஆட்டம் கிடைத்தது.

அந்த ஆட்டத்தில் அவர் பெயருக்கு நேரே 4 என்று அச்சாகியிருந்தது. பழக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். பேட்ஸ்மேன்களின் ரன் 187, எக்ஸ்ட்ரா 14, ஆக 201. அச்சிலோ மொத்தம் 211. பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்னைக் கூட்டினால் 197, அதோடு எக்ஸ்ட்ரா 14 சேர்த்தால் 211. அப்படியானால் மொத்தம் சரி, பேட்டிங் பக்கத்தில்தான் 10 ரன் காணோம். அந்தக் காலத்தில் வைடும் நோ-பாலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாது, எல்லா எக்ஸ்ட்ராவும் தனி. இன்றைய கார்டில் இப்படிக் கூட்டினால் கணக்கு இடிக்கும், பை, லெக் பை மட்டும்தான் சேர்க்க வேண்டும்.

பத்து ரன் யாருடையது என்பதைக் கூட்டல் சொல்லாது. அதற்கு மறுநாள் செய்தித்தாள் வேண்டும். அதில் தாத்தாவுக்கு 14 இருந்தது, மற்ற பத்துப் பேரின் ரன்னும் மலரோடு ஒத்துப்போனது. மலரில் ‘1’ அச்சில் விழவில்லை, அவ்வளவுதான்.

சரி, இப்போது கணக்கு. 3 ஆட்டம், 4 இன்னிங்ஸ்: 8, 3 நாட் அவுட், 14, 6. மொத்தம் 31. நாட் அவுட்டைக் கழித்து 3ஆல் வகுத்தால் 10.33. சென்னையின் சி. ராமசுவாமி 1936ல் இங்கிலாந்தில் ஆடிய இரண்டே டெஸ்டுகளை இப்படிக் கூட்டிப் பாருங்கள்: 40, 60, 29, 41 நாட் அவுட். மொத்தம் 170, வகுப்பது 3ஆல், சராசரி 56.66. நான்கால் வகுத்து 42.50 என்று எழுதினால் அவருக்கு அநியாயம்.

ரஞ்சி தொடங்கிய 1934க்கு முந்தைய ஆட்டக்காரர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். முதல்தர ஆட்டம் எது என்று உலக அளவில் வரையறுத்தது 1947ல்தான். அதற்கு முன் சென்னையில் பொங்கலையொட்டி நடந்த இந்தியர்–ஐரோப்பியர் பிரசிடென்சி ஆட்டம் போன்றவற்றுக்குப் புள்ளிவிவரக்காரர்கள் பின்னால்தான் தகுதி தந்தார்கள். எந்தப் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நம் மலையில் இன்னொரு தொல்லை ஈரம். மழைக்காலத்தில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும், ராமபாணப் பூச்சி எண்களைத் தின்றுவிடும். ஒட்டிய தாளைப் பிய்க்காதீர்கள், வெயில் வந்து அறை உலரும்வரை பொறுங்கள்.

கோத்தகிரிக் குடும்பத்துக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் நினைத்த வருடம் மாறவில்லை, ஆட்டம்தான் மாறியது. கல்லில் இப்போது ‘ரஞ்சி 1953-54 முதல் 1955-56 வரை’ என்று இருக்கிறது.