எல்லா வாக்கியமும் ‘ப்பட்டது’ என்று முடிந்தால் அறிக்கையில் எது காணாமல் போகிறது?

தொண்டு நிறுவனங்களின் கள அறிக்கைகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் 38 கிராமங்களின் குடிநீர் பற்றிய ஓர் அறிக்கை வந்தது. 112 பக்கம். எழுத்துப்பிழை குறைவு, இலக்கணமும் பெரும்பாலும் சரி. ஆனாலும் இருபதாவது பக்கத்தைத் தாண்டியபோது, படித்த பத்தியையே மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். கண் வரிகளின் மேல் போகிறது, மனதில் எதுவும் நிற்கவில்லை. தூக்கக் கலக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் காலையில் காபியோடு உட்கார்ந்தபோதும் அதே கதைதான்.

அந்தப் பத்திகளில் ஒன்று இது:

“கிராமத்தில் உள்ள 4 மேல்நிலைத் தொட்டிகள் ஆய்வு செய்யப்பட்டன. ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் தண்ணீர் மாதிரி சேகரிக்கப்பட்டது. மாதிரிகளில் எஞ்சிய குளோரின் அளவு சோதிக்கப்பட்டது. மூன்று தொட்டிகளில் குளோரின் போதிய அளவில் காணப்பட்டது. கிழக்குத் தெருத் தொட்டியில் குளோரின் இல்லாதது கண்டறியப்பட்டது. தொட்டி இயக்குபவருக்கு உரிய அறிவுரை வழங்கப்பட்டது.”

ஆறு வாக்கியங்கள். சொற்களை எண்ணினால் 7, 5, 5, 6, 6, 5. ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘ப்பட்டது’ அல்லது ‘ப்பட்டன’. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால், ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வந்தால் அதன் முழு அடியும் முற்றுப்புள்ளிக்கு முன்னால், காதில் அதிகம் தங்குகிற இடத்திலேயே விழுகிறது. நீளமும் ஒன்று, முடிவும் ஒன்று என்றால் அது தாலாட்டு மாதிரிதான். ஒரு தெரு மக்கள் குளோரின் கலக்காத தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்கிற செய்தி ஐந்தாவது வாக்கியத்தில் இருக்கிறது. மாதிரி சேகரித்த செய்திக்கு என்ன எடையோ அதே எடை அதற்கும். அறிக்கையைப் பெற்ற அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்று பின்னால் தெரியவந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே இரண்டு முறை தாண்டிப் போயிருந்தேன்.

இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினால், எழுதுகிறவர்கள் முதலில் செய்வது எல்லாவற்றையும் சேர்த்துவிடுவதுதான். அந்த அறிக்கையை எழுதிய களப்பணியாளரும் அப்படித்தான் செய்து அனுப்பினார்:

“4 தொட்டிகளும் ஆய்வு செய்யப்பட்டு, மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, குளோரின் அளவு சோதிக்கப்பட்டு, மூன்றில் போதிய அளவில் காணப்பட்டு, கிழக்குத் தெருத் தொட்டியில் இல்லாதது கண்டறியப்பட்டு, இயக்குபவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது.”

இப்போது ஒரே வாக்கியம், 21 சொற்கள். ஆனால் உள்ளே ஐந்து ‘ப்பட்டு’. முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் காற்புள்ளி வந்திருக்கிறது, தாளம் அப்படியே இருக்கிறது. கூடவே ஓர் இலக்கணப் பிழையும் சேர்ந்துவிட்டது. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் பொதுவாக, முடிவில் வரும் வினையின் எழுவாயையே தனக்கும் எழுவாயாகக் கொள்ளும். ‘அவர் தொட்டியைக் கழுவி, பவுடரைக் கலந்து, மூடியைப் பூட்டினார்’ என்பதில் மூன்று வேலையையும் செய்தவர் ஒருவர், அதனால் தடுமாற்றம் இல்லை. களப்பணியாளரின் வாக்கியத்தில் ஆய்வு செய்யப்பட்டது தொட்டி, சேகரிக்கப்பட்டது மாதிரி, வழங்கப்பட்டது அறிவுரை. ஏறக்குறைய ஒவ்வொரு காற்புள்ளியிலும் எழுவாய் மாறுகிறது. செயப்பாட்டு வினைகளைச் சங்கிலியாகக் கோத்தால் பெரும்பாலும் இப்படித்தான் நேரும். ஆகவே வாக்கியங்களின் நீளத்தை மாற்றப் போகிறவர் அதற்கு முன்னால் ‘யார் செய்தது?’ என்று கேட்டே ஆக வேண்டும்.

நான் அவருக்குத் தொலைபேசியில் அழைத்து அதைத்தான் கேட்டேன். “ஆய்வு செய்தது யார் தம்பி?” “நாங்கதான் சார்.” “இயக்குபவருக்கு என்ன அறிவுரை சொன்னீங்க?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “குளோரின் போடுங்கன்னு சொன்னோம். அவர்கிட்ட பிளீச்சிங் பவுடரே இல்ல சார். தீர்ந்து ஒன்பது நாள் ஆச்சாம். ஆபீஸ்ல கேட்டும் வரலையாம்.”

112 பக்கத்தில் எங்கும் இது இல்லை. ‘உரிய அறிவுரை வழங்கப்பட்டது’ என்று எழுதியவுடன் வாக்கியம் மற்ற வாக்கியங்களைப் போலவே மூடிக்கொண்டது. எழுதியவருக்கும் அதற்குள் இன்னொரு செய்தி இருப்பது தோன்றவில்லை. பத்தியை இருவரும் சேர்ந்து இப்படி மாற்றினோம்:

“கிராமத்தின் 4 மேல்நிலைத் தொட்டிகளிலிருந்தும் தண்ணீர் மாதிரி எடுத்து, எஞ்சிய குளோரினை அங்கேயே சோதித்தோம். மூன்றில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற குறைந்தபட்ச அளவு இருந்தது. கிழக்குத் தெருத் தொட்டியில் குளோரின் இல்லை. பிளீச்சிங் பவுடர் தீர்ந்து 9 நாள் ஆகிவிட்டது என்றும், ஊராட்சி அலுவலகத்தில் கேட்டும் இன்னும் கிடைக்கவில்லை என்றும் தொட்டி இயக்குபவர் தெரிவித்தார். அதை வழங்குவது ஊராட்சியின் பொறுப்பு.”

சொற்கள் 11, 8, 5, 16, 4. முடிவுகள் ‘சோதித்தோம், இருந்தது, இல்லை, தெரிவித்தார், பொறுப்பு’. மொத்தம் 34 சொல்லாக இருந்தது 44 ஆகியிருக்கிறது, படிக்க எடுக்கும் நேரம் குறைந்ததாகவே தோன்றும்.

என்ன செய்தோம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆய்வு, மாதிரி, சோதனை மூன்றும் ஒரே குழுவின் வேலை. அதனால் ‘எடுத்து’ என்ற எச்சத்தால் அவற்றை முறையாகவே இணைக்க முடிந்தது. மூன்று வாக்கியம் ஒன்றாகி, முதல் வாக்கியம் நீண்டது. முக்கியச் செய்தியை அதன் பின்னால் குறுகிய வாக்கியமாகத் தனியே நிறுத்தினோம். ‘இல்லாதது கண்டறியப்பட்டது’ என்பதற்கு ‘இல்லை’ போதும். தமிழில் ‘இல்லை, உண்டு, அல்ல’ போன்றவற்றுக்குக் காலம் காட்டும் இடைநிலையோ ‘ப்பட்டது’ வாலோ வேண்டியதில்லை. ஐந்து சொல் வாக்கியம் நீண்ட வாக்கியங்களுக்கு நடுவில் வந்ததால்தான் அழுத்தம் பெற்றது. சுற்றியிருப்பவையும் ஐந்து சொல்லாக இருந்திருந்தால் அதற்கு அந்த அழுத்தம் கிடைத்திருக்காது. குறுகிய வாக்கியமாகவே எழுதித் தள்ளும் அறிக்கைகளும் அலுப்பூட்டுவது இதனால்தான்.

நான்காவது வாக்கியத்தில் 16 சொல். அது மூச்சு முட்டாமல் இருக்க ஒரு காரணம், ‘தொட்டி இயக்குபவர்’ என்ற எழுவாய் வினைக்குப் பக்கத்திலேயே நிற்பது. ‘தொட்டி இயக்குபவர், பிளீச்சிங் பவுடர் தீர்ந்து...’ என்று தொடங்கியிருந்தால், அவர் என்ன செய்தார் என்பதை வாசகர் பதிமூன்று சொல் தாண்டும்வரை கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். தமிழில் நீண்ட வாக்கியம் எழுதும்போது எழுவாயை வினையருகே தள்ளிவைக்க முடியும் என்பது நமக்கு வாய்த்த வசதி. கடைசி வாக்கியம் பெயரிலேயே முடிகிறது: ‘ஊராட்சியின் பொறுப்பு’. ‘ஆகும்’ வேண்டாம். அலுவலக நடை என்ற பெயரில் இப்படிப்பட்ட இடங்களில் ‘பொறுப்பாகும்’, ‘அவசியமாகும்’ என்று ஒட்டினால், ‘ப்பட்டது’ போன இடத்தில் ‘ஆகும்’ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

‘சோதித்தோம்’ என்று தன்மையில் எழுதுவதைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை. அங்கே ‘ஆய்வுக்குழு சோதித்தது’ என்று எழுதலாம். அதனால் கெட்டுப்போவது எதுவும் இல்லை, செய்தவர் யார் என்பது நிற்கிறது.

ஒரு பத்தியைச் சரிசெய்தாகிவிட்டது. 38 கிராமத்துக்கும் இப்படிப் பத்தி பத்தியாகச் செய்தால் போதுமா? போதாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒவ்வொரு கிராமத்தின் பகுதியும் ‘இக்கிராமத்தில்’ என்று தொடங்கி, தொட்டி, மாதிரி, குளோரின், குழாய்க்கசிவு, அறிவுரை என்ற அதே வரிசையில் நடந்து முடிந்தது. பத்திக்குள் தாளம் மாறினாலும், மூன்று பக்கத்துக்கு ஒருமுறை அதே பாட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. நீண்ட அறிக்கைகளின் அலுப்பு பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் இருக்கிறது.

அதனால் எல்லாக் கிராமத்துக்கும் பொதுவான ஆய்வு முறையைத் தொடக்கத்தில் ஒன்றரைப் பக்கமாக ஒரே முறை எழுதினோம். தொட்டிகளின் எண்ணிக்கையும் குளோரின் அளவும் ஒரே அட்டவணைக்குப் போயின. கிராமப் பகுதியில் மிஞ்சியது அந்தந்த ஊரில் மட்டும் கண்டது. சில ஊர்களுக்கு ஒன்றரைப் பக்கம் வந்தது, ஏழு ஊர்களுக்கு இரண்டே வரி: ‘தொட்டிகள் அனைத்திலும் குளோரின் அளவு சரி. குறிப்பிடத்தக்க குறை இல்லை.’ ஊருக்கு ஊர் பக்க அளவு ஒன்றாக இருக்க வேண்டாமா என்று நிறுவனத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். குறை இல்லாத ஊருக்கு மூன்று பக்கம் எழுதினால், குறை உள்ள ஊர் அதற்குள் புதைந்துபோகும்.

உங்கள் கோப்பில் இதைச் சோதிக்க விரும்பினால், முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வேர்டில் `Ctrl+H` அழுத்தி, தேடும் கட்டத்தில் முற்றுப்புள்ளியும் ஓர் இடைவெளியும், மாற்றும் கட்டத்தில் `.^p` என்பதும் கொடுத்தால், ஒவ்வொரு வாக்கியமும் தனி வரிக்கு வந்துவிடும். ‘மி.கி.’ போன்ற சுருக்கங்களுக்குப் பின்னாலும் வரி உடையும், நகலில் அது பரவாயில்லை. பிறகு சொற்களைப் படிக்காமல் பக்கத்தை மட்டும் பாருங்கள். வலது ஓரம் கத்தரித்த வேலி மாதிரி ஒரே சீராக இருந்தால் நீளம் மாறவில்லை என்று பொருள். இடது ஓரத்தில் ‘மேலும்’, ‘இக்கிராமத்தில்’ வரிசையாக நின்றால் தொடக்கம் மாறவில்லை. கடைசியாக ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். குரல் தானாகவே ஒரே இடத்தில் இறங்கி இறங்கி எழுந்தால் அங்கே பேனாவை வையுங்கள்.

தாளத்தை மாற்றக் கூடாத இடங்களும் அறிக்கையில் உண்டு. பரிந்துரைகள் எல்லாம் ஒரே அமைப்பில் இருந்தால்தான் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியும். அங்கே ‘வழங்க வேண்டும், பொருத்த வேண்டும்’ என்று வரிசையாக வரட்டும். கலைச்சொல்லையும் தொடாதீர்கள். அலுப்புத் தட்டுகிறது என்று ஒரு பக்கத்தில் ‘மேல்நிலைத் தொட்டி’, அடுத்த பக்கத்தில் ‘நீர்த்தேக்கம்’ என்று எழுதினால், இரண்டும் வேறுவேறு என்றுதான் படிப்பவர் எண்ணுவார்.

அந்த அறிக்கையில் ‘ப்பட்ட’ என்று தேடியபோது முதலில் 412 இடம் காட்டியது. முடிவில் 97. மிஞ்சிய ஒவ்வொன்றையும் களப்பணியாளரோடு பார்த்தேன். பலவற்றை அப்படியே விட்டோம். 23ஆம் கிராமத்தில் ஒரு வாக்கியம்: ‘தொட்டியின் மூடியில் இருந்த பூட்டு உடைக்கப்பட்டிருந்தது.’ யார் உடைத்தது என்று கேட்டேன். ஊரில் யாருக்கும் தெரியாது என்றார். அந்த வாக்கியத்தை நாங்கள் மாற்றவில்லை.